யானை இல்லாத போர்ப்பாட்டு

சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் வழியாக மோகனூர் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்த ஊர் அது. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக்கு ஒரு தேசபக்திப் பாட்டு வேண்டும் என்றால், தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 1930 உப்பு சத்தியாகிரகத்துக்காக அவர் எழுதிய நடைப்பாட்டே இருக்கிறது.

அந்த ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்க ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய 150 மைல், பதினைந்து நாள் நடை. இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டிவைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நடப்பவர்களுக்குத் தெம்பு வேண்டும், அதற்கு வீரம் ஏற்றுகிற பாட்டு வேண்டும். ஆனால் அடி விழுந்தால் அவர்கள் திருப்பி அடிக்கக் கூடாது. பாட்டு ரத்தத்தைச் சூடேற்றிவிட்டால் போராட்டமே கெட்டுப்போகும். கவிஞர் முன்னால் இருந்த சிக்கல் இதுதான்.

தமிழில் போர்ப்பாட்டுக்கு என்றே பரணி இருக்கிறது. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் இலக்கணம். கலிங்கத்துப்பரணியைப் படித்தவர்களுக்குத் தெரியும், பேய்கள் கூழ் சமைக்கிற அளவுக்குப் பிணம் குவியும். இராமலிங்கம் பிள்ளை யுத்தம் என்ற சொல்லை விடவில்லை. போருக்கு உரிய சாமான்களைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார். ஆயுதம் கிடையாது, குதிரைப்படை யானைப்படை கிடையாது, கொல்லும் எண்ணம் கிடையாது, கோபமும் சாபமும் கிடையாது. எதிரி என்றே ஒருத்தரும் கிடையாது. சேர வருபவர்களிடமும் சாதி, மொழி கேட்கவில்லை. சத்தியத்தில் நம்பிக்கை இருந்தால் போதும் என்கிறார்.

அப்புறம் எழுச்சி எங்கிருந்து வருகிறது? ஓசையிலிருந்து. ஆரம்ப வரிகளில் தகர ஒற்று அடுத்தடுத்து விழுகிறது. வாய்விட்டுச் சொன்னால் காலடிச் சத்தம் மாதிரியே கேட்கும்.

பள்ளியில் இதைக் கெடுப்பதும் சுலபம். டிரம்மை வேகமாக அடித்து, முஷ்டியை உயர்த்திப் பிள்ளைகளைக் கத்தவிட்டால் 'யுத்தம்' மட்டும் காதில் விழும், 'இல்லை' காணாமல் போகும். இது நடக்கிறவர்களுக்கு எழுதியது. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்துப் பாடச் சொல்லுங்கள். வேகம் தானாக அடங்கும். மூச்சு வாங்கினால் பாட்டு ஓடுகிறது என்று அர்த்தம்.