களஞ்சியத்தில் பருப்பு இருந்தும் கடைக்குப் போகாதது ஏன்?

களஞ்சியம் ஒன்று ஒழுங்காக இயங்குகிறதா என்பதை அறிய மூன்று அளவீடுகள் பொதுவாகப் பயன்படுகின்றன. லொறி வந்ததிலிருந்து பொருள் தட்டில் ஏறிப் பதிவாகும் வரையான நேரம் முதலாவது. கடையின் ஓடர் கிடைத்ததிலிருந்து பொருள் புறப்படும் வரையான நேரம் இரண்டாவது. ஓடருக்குச் சரியான பொருளைச் சரியான அளவில் எடுத்த வீதம் மூன்றாவது.

வவுனியாவில் மொத்த விற்பனைக் களஞ்சியம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 9 மணிக்குப் பருப்பு மூட்டைகளுடன் லொறி வருகிறது. 11 மணிக்குள் இறக்கி முடிந்துவிடுகிறது. ஆனால் பட்டியலுடன் ஒப்பிட்டு, தட்டில் ஏற்றி, கணனியில் பதியும்போது செவ்வாய் பிற்பகல் 3 மணி. இறக்க எடுத்தது 2 மணித்தியாலம். முதலாவது அளவீடோ 30 மணித்தியாலம். காலை 8 முதல் மாலை 5 வரையான வேலை நேரத்தை மட்டும் எண்ணினால் அதுவே 15. எந்த முறையில் எண்ணினாலும், ஒவ்வொரு மாதமும் அதே முறையில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

திங்கள் நண்பகல் 12 மணிக்கு ஒரு கடைக்காரர் பருப்பு கேட்கிறார். மூட்டைகள் வாசலருகே கிடந்தாலும் கணனி ‘இருப்பு இல்லை’ என்கிறது. செவ்வாய் 3 மணிக்குப் பதிவான பின்னரே எடுத்து, கட்டி, 5 மணிக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர் காத்திருந்தது 29 மணித்தியாலம். அதில் உண்மையான வேலை 2 மணித்தியாலம் மட்டுமே. இந்த இடத்தில் ஏச்சு வாங்குபவர் பெரும்பாலும் பொருள் எடுக்கும் தொழிலாளிதான். ஆனால் தாமதம் நடந்தது பொருள் ஏற்கும் வாசலில்.

அவரை அவசரப்படுத்தினால் மூன்றாவது அளவீடு கெடும். 400 கிராம் பால்மாவும் ஒரு கிலோ பால்மாவும் அருகருகே இருந்தால், அவசரத்தில் கை மாறிவிடும்.

இந்த வீதத்தையும் கவனித்தே வாசிக்க வேண்டும். 100 ஓடர்கள், ஒவ்வொன்றிலும் 10 வகைப் பொருட்கள் என்றால் மொத்தம் 1,000 தடவை பொருள் எடுக்கப்படுகிறது. அதில் 10 தவறுகள் நடந்தால் 99 வீதம் சரி என்று அறிக்கை சொல்லும். அந்த 10 தவறுகளும் 10 வெவ்வேறு ஓடர்களில் விழுந்திருந்தால், 10 கடைகளுக்குப் பிழையான பொதி போயிருக்கும். முழுமையாகச் சரியான ஓடர்கள் 90 வீதம் மட்டுமே.

வந்த முறைப்பாடுகளை மட்டும் எண்ணுவதும் போதாது. குறைந்தால் கடைக்காரர் கேட்பார். கூடுதலாகப் போனதை எல்லோரும் சொல்லமாட்டார்கள். அதனால் கட்டி முடித்த பொதிகளில் சிலவற்றை, லொறியில் ஏற்றமுன், அவற்றை எடுக்காத இன்னொருவர் பிரித்து எண்ணிப் பார்க்க வேண்டும். லொறி வந்த நேரத்தையும் பொருள் தட்டில் ஏறிய நேரத்தையும் பற்றுச்சீட்டிலேயே எழுதிவைத்தால், தாமதம் வாசலிலா தட்டிலா என்பது தெரிந்துவிடும்.