விளிம்பொளியும் முகமாற்றமும்

பின்னாலிருந்து வரும் ஒளி ஒருவரின் கன்னம், காது, முடி ஓரங்களில் வரையும் பிரகாசமான கோடு விளிம்பொளி. சண்டைக் கலைஞரின் உடலில் நடிகரின் முகத்தைப் பொருத்தும்போது இந்தக் கோடே சிக்கலாகிறது. மாலைச் சூரியன் பின்னால் இருக்க, கலைஞரின் முகம் நிழலில் இருக்கும். நடிகரின் முகமோ முன்னொளியில் எடுக்கப்பட்டிருக்கும். அது இரண்டு ஸ்டாப் கூடுதலாக இருந்தால், வெளிச்சத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து நிழலோடு இணைப்பார்கள். பிறகு மாஸ்க்கின் ஓரத்தை விளிம்பொளிக்கு உள்ளே நிறுத்தி, அசல் கோட்டை அப்படியே விட்டுவைப்பார்கள். மாஸ்க் அதைத் தாண்டினால் கோடு அறுந்து, கன்னத்தோரம் சாம்பல் பட்டை தெரியும். நடிகரின் தாடை அகலமாக இருந்தால் அசல் கோடு பொருந்தாது. அதைப் புதிதாக வரையவோ, நடிகரை அதே பின்னொளியில் மீண்டும் படமெடுக்கவோ வேண்டும்.