முதல் ஒரு விழுக்காட்டில் இருப்பவர்கள் யார்? செயலிப் புதுப்பிப்பில் படிப்படியான வெளியீட்டின் சான்று மதிப்பு

ஆண்ட்ராய்டு செயலி ஒன்றின் புதிய பதிப்பை வெளியிடுவோருக்கு, பிழைகளை முன்கூட்டியே கண்டறியக் கூகுள் பிளே கன்சோல் மூன்று வசதிகளைத் தருகிறது. சோதனைத் தடத்தில் பதிவேற்றிய கோப்பைப் பல கைபேசிகளில் இயந்திரம் இயக்கிப் பார்த்துத் தருவது முன்வெளியீட்டு அறிக்கை. புதுப்பிப்பைப் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதலில் அனுப்புவது படிப்படியான வெளியீடு. உண்மையான பயனர்களின் கைபேசிகளில் செயலி எத்தனை முறை முறிகிறது, எத்தனை முறை உறைகிறது என்று காட்டுவது ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ். இவற்றை வரிசையாகக் கடந்துவிட்டால் பதிப்பு பாதுகாப்பானது என்ற எண்ணம் நிரலாளர்களிடையே பரவலாக உள்ளது.

இந்த எண்ணம் ஒரு வகைப் பிழைக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மூன்று வசதிகளும் மூன்று வெவ்வேறு கூட்டங்களைப் பார்க்கின்றன. நெடுநாள் புதுப்பிக்காத பழைய பயனர்கள் முதல் கூட்டத்தில் இருக்கவே மாட்டார்கள். இரண்டாவதில் தாமதமாக வருவார்கள். மூன்றாவதில் பாதி மறைந்திருப்பார்கள். அவர்களை மட்டும் தாக்கும் பிழையை முதல் நாளின் நல்ல எண் காட்டாது. இதைத் தரவுத்தள மாற்றப் பிழை ஒன்றைக் கொண்டு விளக்கலாம்.

பிழையின் இயல்பு

சிறு கடைகளுக்கான கணக்குச் செயலி ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பில்களையும் கடன் நிலுவையையும் அது கைபேசியிலேயே ரூம் நூலகத்தின் வழியாகச் சேமிக்கிறது. அட்டவணையின் அமைப்பு மாறும்போதெல்லாம் நிரலாளர் தரவுத்தளத்தின் பதிப்பெண்ணை ஒன்று கூட்டி, பழைய அமைப்பிலிருந்து புதியதற்குச் செல்லும் வழியையும் எழுதித் தர வேண்டும். 5லிருந்து 6, 6லிருந்து 7, 7லிருந்து 8 என்று வழிகள் இருந்தால், 5இல் நின்றுவிட்ட பயனரையும் ரூம் மூன்றின் வழியாகவும் நடத்தி 8இல் சேர்த்துவிடும்.

புதிய பதிப்பின் versionCode 412 என்று கொள்வோம். நிரலைச் சீர்செய்யும்போது, யாரும் பயன்படுத்துவதில்லை என்று கருதி 5லிருந்து 6க்கான வழியை ஒருவர் நீக்கிவிடுகிறார். 6, 7 ஆகிய அமைப்புகளில் இருப்போருக்கு ஒன்றும் ஆகாது. 5இல் இருப்பவர் செயலியைத் திறந்து தரவுத்தளத்தைத் தொட்டவுடன் செயலி முறிந்துவிடும்:

```
java.lang.IllegalStateException:
A migration from 5 to 8 was required but not found.
```

இந்த முறிவில் ஆறுதல் தரும் கூறு ஒன்று உண்டு. கோப்பில் எதையும் மாற்றுவதற்கு முன்பே செயலி நின்றுவிடுவதால் பயனரின் கணக்கு அப்படியே இருக்கிறது.

இயந்திரம் காணாதது

உள் சோதனை, மூடிய சோதனை, திறந்த சோதனை ஆகிய தடங்களில் ஒன்றில் கோப்பைப் பதிவேற்றினால் முன்வெளியீட்டு அறிக்கை உருவாகிறது. இயந்திரம் செயலியைச் சில நிமிடங்கள் இயக்கி, பொத்தான்களைத் தட்டும், எழுதும், திரையைத் தள்ளும். உள்நுழைவுக்குச் சோதனைக் கணக்கையும் தரலாம். தொடக்கத்திலேயே முறியும் செயலி, குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு பதிப்பில் மட்டும் முறியும் செயலி, அணுகல்தன்மைக் குறைகள், எழுத்துகள் வெட்டுப்பட்டுத் தெரியும் திரைகள் ஆகியவற்றைப் பிடிப்பதில் இந்த அறிக்கை நன்கு பயன்படுகிறது.

ஆனால் இயந்திரம் செயலியைப் புதிதாக நிறுவுகிறது. அந்தக் கைபேசியில் பழைய தரவுத்தளம் இல்லை. ரூம் நேரடியாக 8ஆம் அமைப்பை உருவாக்கிக்கொள்கிறது. எந்த மாற்ற வழியும் ஓடுவதில்லை. ஆகவே 412ஆம் பதிப்பின் அறிக்கையில் முறிவு ஒன்றுகூட இராது. கைபேசிகளின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினாலும் முடிவு மாறாது. சோதனை எவ்வளவு நேரம் நடந்தது என்பதைவிட, சோதனை எந்த நிலையிலிருந்து தொடங்கியது என்பதே இங்கு குறைக்குக் காரணம்.

முதல் நாளின் ஒரு விழுக்காடு

படிப்படியான வெளியீடு புதுப்பிப்புகளுக்கே உரியது. முதன்முறை வெளியிடும் செயலிக்கு அது கிடையாது. கன்சோல் பயனர்களைத் தற்செயல் முறையில் தெரிந்தெடுக்கிறது. எனவே ஒரு விழுக்காடு என்பது முழுக் கூட்டத்தின் நேர்மையான மாதிரி என்று தோன்றும். தெரிந்தெடுப்பைப் பொறுத்தவரை அது சரி. தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் எப்போது பதிப்பைப் பெறுகிறார்கள் என்பது வேறு கேள்வி.

தானியங்கிப் புதுப்பிப்பு பொதுவாகக் கைபேசி சார்ஜில் இருக்கும்போது, யாரும் பயன்படுத்தாதபோது, வைஃபை போன்ற அளவிடப்படாத இணைப்பில் நடக்கிறது. வீட்டில் வைஃபை உள்ளவர் அன்றிரவே பெறுவார். மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவரும், நினைவகம் நிரம்பிய கைபேசி வைத்திருப்பவரும் நாள்கணக்கில் பின்தங்குவார்கள். 5ஆம் அமைப்பில் நின்றுவிட்டவர் அங்கே நின்றதற்கே இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிழைக்கு இலக்காகும் பண்பும் தாமதமாக வரும் பண்பும் ஒரே ஆளிடம் கூடியிருக்கின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். நாள்தோறும் செயலியைத் திறப்போர் 1,00,000 பேர். அவர்களில் 2 விழுக்காட்டினர், அதாவது 2,000 பேர், 5ஆம் அமைப்பில் உள்ளவர்கள். ஒரு விழுக்காட்டு வெளியீட்டில் 1,000 பேர் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 20 பேர் பழையவர்கள். முதல் நாளில் மற்ற 980 பேரில் பாதிப் பேரும் பழையவர்களில் பத்தில் ஒரு பங்கினரும் புதுப்பிக்கிறார்கள் என்று கொண்டால், 490 பேரும் 2 பேரும் கிடைக்கிறார்கள். வைட்டல்ஸ் தரவு, பயன்பாட்டு விவரங்களைப் பகிர இசைந்த பயனர்களிடமிருந்தே வருகிறது. பாதிப் பேர் இசைந்தவர்கள் என்றால் கன்சோலில் தெரிவது 246 பேர். அவர்களில் முறிவைச் சந்தித்தவர் ஒருவர். விகிதம் 0.4 விழுக்காடு.

பயனர் உணரும் முறிவுக்குக் கூகுள் வகுத்துள்ள மோசமான நடத்தை வரம்பு, நாள்தோறும் பயன்படுத்துவோரில் 1.09 விழுக்காடு. 0.4 அதற்கு வெகு கீழே இருப்பதால், நிரலாளர் மனநிறைவோடு வெளியீட்டை விரிவாக்குவார். அனைவரையும் எட்டும்போது 2,000 பேர் முறிவைச் சந்திப்பார்கள். விகிதம் 2 விழுக்காடாகும்.

வரம்பும் அடையாளமும்

மேற்கண்ட 0.4 விழுக்காடு என்பதே பதிப்பு வாரியாக வடிகட்டியபின் கிடைப்பது. வடிகட்டாமல் முழுச் செயலியின் எண்ணைப் பார்த்தால் அந்த ஒரு முறிவு சுமார் 50,000 பேருக்குள் கரைந்துவிடும். கூகுளின் வரம்பு 28 நாள் சராசரியின் மீது கணக்கிடப்படுகிறது. பிளே ஸ்டோரில் செயலியின் தெரிவுநிலையைத் தீர்மானிக்க அது உருவாக்கப்பட்டது. புதிய பதிப்பை நிறுத்துவதா விடுவதா என்ற முடிவுக்கு அதை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. ஒரு கைபேசி மாதிரிக்கு என்று தனியாக 8 விழுக்காட்டு வரம்பு இருப்பதும், மொத்தச் சராசரி ஒரு சிறு குழுவின் துன்பத்தை மறைக்கும் என்பதை ஒப்புக்கொள்வதே. ஆனால் தரவுத்தளத்தின் எந்த அமைப்பில் பயனர் இருக்கிறார் என்று கன்சோலுக்குத் தெரியாது. அந்தப் பகுப்பை அது தர இயலாது.

ஆகவே தொடக்க நாள்களில் விகிதத்தைவிடப் புதுமையே சான்று. 412ஆம் பதிப்பின் முறிவுகளை மட்டும் எடுத்து, முந்தைய பதிப்பில் இல்லாத பிழைக்குறிப்பு ஏதேனும் வந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒற்றை முறிவு தன் காரணத்தைத் தானே சொல்கிறது: 5லிருந்து 8க்கு வழி இல்லை. எத்தனை பேர் என்று எண்ணத் தேவையில்லை. 5இல் உள்ள ஒவ்வொருவருக்கும் இது நடக்கும் என்று நிரலைப் படித்தே அறியலாம். நிரல் சுருக்கப்பட்டிருந்தால், உரிய மேப்பிங் கோப்பு கன்சோலில் இருந்தால்தான் பிழைக்குறிப்பில் வகுப்புப் பெயர்கள் படிக்கும்படி இருக்கும்.

இரண்டாவது சான்று, நாள்தோறும் மாறும் போக்கு. அதே ஒரு விழுக்காட்டில் ஏழு நாள் காத்திருந்தால் மற்றவர்களில் 900 பேரும் பழையவர்களில் 10 பேரும் புதுப்பித்திருப்பார்கள் என்று கொள்வோம். பகிர்வோர் 455 பேர், முறிவைச் சந்தித்தோர் 5 பேர், விகிதம் 1.1 ஆகிறது. விழுக்காட்டைக் கூட்டாமலே விகிதம் ஏறினால், தாமதமாக வருவோரிடம் பிழை இருக்கிறது என்று பொருள்.

ஓர் எதிர்வாதம்

ஒரு விழுக்காட்டில் வாரக்கணக்கில் நிற்பதைவிட, முதல் நாளே ஐந்து விழுக்காடு கொடுத்தால் அதே சான்று உடனே கிடைக்குமே என்று கேட்கலாம். கணக்கின்படி அது உண்மை: 5,000 பேரில் பழையவர் 100, முதல் நாளில் 10 பேர் பெறுவர், 5 பேரின் முறிவு தெரியும். ஆனால் வைட்டல்ஸ் தரவு உடனுக்குடன் வருவதில்லை. அது வந்து, ஒருவர் படித்து, முடிவெடுக்கும்வரை பதிப்பு பரவிக்கொண்டே இருக்கும். வெளியீட்டை நிறுத்துவது புதியவர்களுக்குச் செல்வதை மட்டுமே தடுக்கும். பெற்றுவிட்டவர்கள் அதே பதிப்பில் இருப்பார்கள். அவர்களை மீட்க, நீக்கிய வழியைத் திரும்பச் சேர்த்து 413 என்ற உயர்ந்த எண்ணுடன் வெளியிட வேண்டும். அந்தப் புதுப்பிப்பும் அதே தாமதத்துடன்தான் அவர்களை அடையும். தாமதமாக வெளிப்படும் பிழைக்குச் சிறிய விழுக்காடும் நீண்ட காத்திருப்புமே பொருத்தம்.

இதற்கும் எல்லை உண்டு. 2,000 பேர் மட்டும் பயன்படுத்தும் செயலியில் ஒரு விழுக்காடு என்பது 20 பேர். அத்தனை குறைந்த தரவுக்குக் கன்சோல் எண் எதையும் காட்டாமலிருக்கலாம். பார்க்க விரும்பும் மிகச் சிறிய குழுவிலிருந்து சிலராவது உள்ளே வரும் அளவைக் கணக்கிட்டே விழுக்காட்டை முடிவு செய்ய வேண்டும்.

வைட்டல்ஸ் அளக்காதது

மேற்கண்ட பிழைச்செய்தி தன் தொடர்ச்சியில் இரண்டு தீர்வுகளைச் சொல்கிறது: மாற்ற வழியைத் தருக, அல்லது `fallbackToDestructiveMigration` வகை முறைகளில் ஒன்றைப் பயன்படுத்துக. இரண்டாவதைத் தேர்ந்தால் ரூம் பழைய அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். முறிவு நின்றுவிடும், விகிதம் பூச்சியமாகும். கடைக்காரரின் கடன் நிலுவைப் பட்டியலோ இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வைட்டல்ஸ் முறிவையும் உறைவையும் அளக்கிறது. தரவு இழப்பை அளப்பதில்லை. இந்த நிலையில் பதிப்பு வாரியாக வடிகட்டிய பயனர் கருத்துகள் மட்டுமே எச்சரிக்கை தரும், அதுவும் இழப்பு நேர்ந்த பிறகு. முறிந்த செயலியில் தரவு பிழைத்தது. முறியாத செயலியில் தரவு அழிந்தது. வரம்புக்குக் கீழே விகிதத்தைக் கொண்டுவருவதையே இலக்காகக் கொள்ளும் குழு, இரண்டாவதைத் திருத்தம் என்று பதிவு செய்துவிடக் கூடும்.

முடிவுரை

இந்த வகைப் பிழையைக் கன்சோலுக்கு வருமுன்பே பிடிக்க வழி உண்டு. ஒவ்வோர் அமைப்பின் விவரக்கோப்பையும் சேமித்து வைத்து, `MigrationTestHelper` கொண்டு மிகப் பழைய எண்ணிலிருந்தே தரவுடன் மாற்றத்தை இயக்கிப் பார்க்கலாம். உள் சோதனைத் தடத்தில் பழைய பதிப்பை நிறுவிய கைபேசியில் புதியதை மேலேற்றிப் பார்க்கலாம். கன்சோலின் மூன்று வசதிகளும் அதற்கு மாற்றாகா. அவை தரும் எண்களைப் படிக்கும்போது எண்ணுக்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: இந்தக் கூட்டத்தில் இன்னும் வராதவர் யார்? அவரிடம் நேரக்கூடிய தீங்கு இந்த எண்ணில் பதிவாகுமா? இவ்விரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை வெளியீட்டின் விழுக்காட்டைக் கூட்டுவதற்குச் சான்று இல்லை.