முன்பேர ரோல்ஓவரும் தொடர் சார்ட்டும்

ரோல்ஓவர் என்பது, முடிவுக்கு வரும் மாதத்தின் முன்பேர ஒப்பந்தத்தை விற்றுவிட்டு அடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்கிக்கொள்வது. விற்று வைத்திருப்பவர் இதையே தலைகீழாகச் செய்வார். பங்குக்கு முடிவுத் தேதி இல்லை. முன்பேர ஒப்பந்தத்துக்கு உண்டு. அதனால் கச்சா எண்ணெய்க்கோ நிஃப்டி ஃபியூச்சர்ஸுக்கோ பத்தாண்டு விலையை ஒரே கோடாகக் காட்டும் சார்ட் எதுவும் இயல்பாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மாத ஒப்பந்தத்தின் விலைகளையும் எடுத்து ஒட்டித்தான் அதை உருவாக்குகிறார்கள். டிரேடிங்வியூவில் `CL1!` என்று அடித்தால் வருவது அப்படி ஒட்டப்பட்ட எண்ணெய் வரிசைதான். அதற்குத் தொடர் சார்ட் என்று பெயர்.

ஒட்டும் இடத்தில் சிக்கல் இருக்கிறது. ஒரே நாளில், ஒரே பொருளுக்கு, இரண்டு மாத ஒப்பந்தங்கள் இரண்டு விலையில் வியாபாரமாகும். சேமிப்புக் கிடங்கு வாடகை, வட்டி, அந்த நேரத்துத் தட்டுப்பாடு எல்லாம் அந்த வித்தியாசத்தில் அடங்கும். தூர மாதம் விலை கூடுதலாக இருந்தால் கான்டாங்கோ, குறைவாக இருந்தால் பேக்வர்டேஷன். நிஃப்டியில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மாத வட்டியிலிருந்து டிவிடெண்டைக் கழித்த அளவுதான். 24,000 புள்ளியில் அரை சதவீதம் என்றால் 120 புள்ளி. எண்ணெயில் அதற்கு எல்லையே இல்லை என்பதை 2020 ஏப்ரல் காட்டியது.

அமெரிக்காவின் டபிள்யூடிஐ எண்ணெய் ஒப்பந்தம் ஒன்றுக்கு 1,000 பீப்பாய். முடிவு நாளைத் தாண்டி வாங்கி வைத்திருப்பவர், ஒக்லஹோமா மாநிலத்தின் குஷிங்கில் எண்ணெயை நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும். கொரோனா ஊரடங்கில் எண்ணெய் செலவாகவில்லை, குஷிங்கின் தொட்டிகளில் இடம் கிடைப்பது அரிதானது. மே மாத ஒப்பந்தத்தின் கடைசி நாள் ஏப்ரல் 21. அதற்கு முந்தைய நாள், எண்ணெயை வைக்க இடமில்லாதவர்கள் பணம் கொடுத்தாவது கைகழுவப் பார்த்தார்கள்.

அந்த நாட்களின் செட்டில்மென்ட் விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை: மே 18.27 டாலர், ஜூன் 25.03. ஏப்ரல் 20, திங்கள்: மே மைனஸ் 37.63, ஜூன் 20.43. ஏப்ரல் 21: மே 10.01, ஜூன் 11.57.

இப்போது ஒருவர் எந்தத் திருத்தமும் செய்யாமல், வெள்ளிவரை மே மாத விலை, திங்கள் முதல் ஜூன் மாத விலை என்று ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சார்ட்டில் 18.27க்கு அடுத்து 20.43 வரும். ஒரே நாளில் ஏறத்தாழ 12 சதவீத ஏற்றம்! ஆனால் மே வைத்திருந்தவர் பீப்பாய்க்கு 55.90 டாலர் இழந்தார், ஜூன் வைத்திருந்தவர் 4.60 டாலர் இழந்தார். அந்த ஏற்றத்தில் லாபம் பார்த்த வாங்குநர் ஒருவரும் இல்லை. ஆர்எஸ்ஐ இதை லாப நாளாகக் கணக்கில் சேர்க்கும், எம்ஏசிடி மேல்நோக்கித் திரும்பும். எண்ணெய் வரலாற்றின் மிக மோசமான நாள், வாங்கச் சொல்லும் அறிகுறியாகப் பதிவாகும்.

மே ஒப்பந்தத்தைக் கடைசி நாள்வரை தொடர்ந்து காட்டும் சார்ட்டில் கோளாறு எதிர்ப்பக்கம். ஏப்ரல் 21 அன்று அது 47.64 டாலர் ஏற்றம் காட்டும். சந்தையின் பெரும்பகுதி அதற்குள் குடியேறியிருந்த ஜூன் ஒப்பந்தமோ அதே நாளில் 8.86 டாலர் சரிந்தது.

இந்தக் கோளாறு ஒரு நாளோடு போய்விடுவதில்லை. ஏப்ரல் 20 அன்று மே ஒப்பந்தம் மைனஸ் 40.32 வரை போனது. முந்தைய செட்டில்மென்டான 18.27இலிருந்து கணக்கிட்டால் அன்றைய வீச்சு 58.59 டாலர். 14 நாள் ஏடிஆர் அதில் பதினான்கில் ஒரு பங்கை, அதாவது சுமார் 4 டாலரைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். இரண்டு மடங்கு ஏடிஆர் தூரத்தில் ஸ்டாப்லாஸ் போடுபவருக்கு அது 8 டாலராகிவிடும். ஜூன் எண்ணெயே மறுநாள் 11.57 டாலர்தான்! ஏடிஆரைத் தேய்த்துக் குறைக்கும் வைல்டர் கணக்குப்படி, 14 வர்த்தக நாள் கழித்தும் அந்த 4 டாலரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமிருக்கும். சாதாரண 20 நாள் சராசரியோ வேறு மாதிரி: மைனஸ் விலை உள்ளே இருக்கும்வரை கோடு ஏறத்தாழ 2.90 டாலர் கீழே கிடக்கும், 21ஆவது நாள் அந்த விலை வெளியேறும்போது காரணமே இல்லாமல் மேலே துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்து டிரெண்ட் மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

மருந்தாகச் சொல்லப்படுவது பின்சரிசெய்தல். ரோல் செய்யும் நாளில் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழைய விலைகள் எல்லாவற்றோடும் கூட்டிவிடுவார்கள். ஏப்ரல் 17 அன்று ரோல் செய்தால் வித்தியாசம் 6.76 டாலர், ஜனவரியின் 60 டாலர் 66.76 ஆகும். திங்கட்கிழமை வரும் மாற்றம் 4.60 டாலர் சரிவு என்று சரியாகவே தெரியும். ஆனால் ரோலை ஒரே ஒரு வர்த்தக நாள் தள்ளி, ஏப்ரல் 20 அன்று செய்தால் வித்தியாசம் 58.06 டாலர். அதே ஜனவரி எண்ணெய் 118 டாலராகக் காட்சி தரும். வித்தியாசத்துக்குப் பதில் விகிதத்தால் பெருக்கும் முறையில் இன்னும் விபரீதம்: 20.43ஐ மைனஸ் 37.63ஆல் வகுத்தால் மைனஸ் 0.54. பழைய வரலாறு முழுவதும் அதனால் பெருக்கப்பட்டு, ஜனவரியின் 60 டாலர் மைனஸ் 33 டாலராகிவிடும்.

ஆகவே எந்த வரிசை எதற்கு உதவும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏடிஆர், ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, சராசரிகளின் குறுக்குவெட்டு ஆகியவை விலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பவை. எல்லா விலையோடும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் அவற்றின் முடிவு மாறாது. வித்தியாசத்தைக் கூட்டிய வரிசை அவற்றுக்குப் போதும். சதவீத வருமானம் கணக்கிட அந்த வரிசை ஆகாது, ஏனென்றால் வகுக்கும் எண்ணே பொய். அங்கே விகித முறை வேண்டும், அதுவும் விலைகள் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரைதான். சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ், ஃபிபோனாச்சி கோடுகளைச் சரிசெய்த வரிசையில் வரைவது வீண் வேலை. 66.76 டாலருக்கு அன்று யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அந்தக் கோடுகள் தனி ஒப்பந்தத்தின் உண்மை விலையில்தான் நிற்கும்.

சார்ட்டில் கேப் தெரிந்தால் அது உண்மையா, ஒட்டுத் தழும்பா என்று கண்டறிய ஒரு சோதனை போதும். புதிய மாதத்தின் தனி ஒப்பந்தச் சார்ட்டைத் திறந்து, அதன் நேற்றைய முடிவு விலையோடு இன்றைய தொடக்கத்தை ஒப்பிட வேண்டும். அங்கேயும் கேப் இருந்தால் சந்தை நகர்ந்திருக்கிறது. இல்லையென்றால் அது ரோலின் வேலை.

மும்பையின் எம்சிஎக்ஸ் எண்ணெய் ஒப்பந்தமும் அந்த ஏப்ரல் 20 அன்றே முடிந்தது. ஊரடங்கால் இங்கே மாலை 5 மணிக்கே வர்த்தகம் நின்றுவிட்டது. விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது அதற்குப் பின் அமெரிக்க நேரத்தில். நியூயார்க் விலையைப் பின்பற்றும் விதிப்படி எம்சிஎக்ஸ் இறுதி விலை பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. எம்சிஎக்ஸ் தொடர் சார்ட்டிலும் இந்த எண் சேர்ந்திருக்கலாம், விடுபட்டும் இருக்கலாம். தரவு தருபவரைப் பொறுத்தது. 2020 ஏப்ரலை உள்ளடக்கிய எண்ணெய் பேக்டெஸ்ட் எதையாவது யாராவது காட்டினால், ரோல் எந்தத் தேதியில், எந்த முறையில் செய்யப்பட்டது என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த முடிவை நம்பிப் பணம் போடாதீர்கள்.