எச்சரிக்காத கருவி: சார்லட் விபத்தும் விண்ட் ஷியர் கண்டறிதலின் வரலாறும்

1994 சூலை 2 அன்று அமெரிக்காவின் சார்லட் விமான நிலையத்தில் தரையிறங்க முயன்ற யூ.எஸ்.ஏர் 1016 விமானம் விபத்துக்குள்ளாகி 37 பேர் உயிரிழந்தனர். அந்த டி.சி-9 விமானத்தில் விண்ட் ஷியரைக் கண்டறியும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அது எச்சரிக்கவில்லை.

குறுகிய தொலைவுக்குள் காற்றின் திசையோ வேகமோ சடுதியில் மாறுவதே விண்ட் ஷியர். இடிமேகத்திலிருந்து இறங்கி நாற்புறமும் விரியும் காற்றுக்கு மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர். அதனுள் நுழையும் விமானம் முதலில் எதிர்க்காற்றைப் பெற்று மேலெழும். அடுத்த சில நொடிகளில் பின்காற்றில் சிக்கி வேகம் இழக்கும். சார்லட்டில் சுமார் 15 நொடிகளில் காற்று ஏறத்தாழ 60 நாட் மாறியது.

1985இல் டல்லாஸில் 137 பேரைப் பலிகொண்ட டெல்டா 191 விபத்துக்குப் பின்னர், பயணிகள் விமானங்களில் கண்டறியும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. தொடக்கத்தில் பரவலானது எதிர்வினை வகை. விமானத்தின் முடுக்கத்தையும் காற்று வேகத்தையும் ஒப்பிட்டு, விமானம் விண்ட் ஷியருக்குள் நுழைந்த பிறகே அது ஒலிக்கும். ஃபிளாப்கள் நகரும்போது இறக்கையைச் சுற்றிய காற்றோட்டம் மாறுவதால் பொய் எச்சரிக்கை எழக்கூடும். அதைத் தவிர்க்க, அந்நேரத்தில் கருவியின் உணர்திறனைக் குறைக்கும் விதி மென்பொருளில் எழுதப்பட்டிருந்தது.

சார்லட்டில் நிகழ்ந்தது இதுவே. மழை ஓடுபாதையை மறைத்ததும் விமானிகள் வழக்கமான மறுசுற்று முறையைத் தொடங்கினர். அம்முறையில் ஃபிளாப்களை 40 பாகையிலிருந்து 15க்குக் குறைக்கவேண்டும். அவை நகர்ந்துகொண்டிருந்த வேளையில்தான் காற்று மாறியது. குறைப்பு விதி இல்லாதிருந்தால், தரையில் மோதுவதற்கு 8 அல்லது 9 நொடிகளுக்கு முன்பே எச்சரிக்கை ஒலித்திருக்கும் என்று விசாரணை கூறியது. ஏறத்தாழ 15 பாகை உயர்ந்திருந்த மூக்கு, அந்நேரத்தில் கீழே தாழ்த்தப்பட்டது.

தப்பிக்கும் உத்தி இதற்கு நேர்மாறானது. தானியங்கிச் செலுத்தியைத் துண்டித்து, எஞ்சினுக்கு முழு உந்துவிசை கொடுத்து, மூக்கைச் சுமார் 15 பாகைக்கு உயர்த்தவேண்டும். ஸ்டால் எச்சரிக்கை வந்தால் அதன் விளிம்பு வரை மட்டுமே இழுக்கவேண்டும். ஆபத்து விலகும்வரை ஃபிளாப்பையோ சக்கரங்களையோ தொடக்கூடாது. சார்லட் விமானிகள் விண்ட் ஷியரை உரிய நேரத்தில் அடையாளம் காணாததும், மூக்கின் கோணத்தையும் உந்துவிசையையும் உரியவாறு நிலைநிறுத்தாததும் காரணங்களாகக் குறிக்கப்பட்டன. எனினும் எச்சரிக்கை வராதபோது, தாங்கள் இருப்பது சாதாரண மறுசுற்று என்றே அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

நாசாவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் சோதித்த முன்கணிப்பு ரேடார், அதே 1994இல் பயணிகள் விமானத்தில் பறக்கத் தொடங்கியது. மழைத்துளிகளின் நகர்வை டாப்ளர் முறையில் அளந்து, முன்னாலுள்ள விண்ட் ஷியரைச் சில பத்து நொடிகள் முன்கூட்டியே அது அறிவிக்கிறது. அந்த இடைவெளியே விமானிக்கு வழக்கமான மறுசுற்றைச் செய்யும் வாய்ப்பைத் தருகிறது. மழைத்துளி தரையை எட்டுமுன் ஆவியாகிவிடும் உலர் மைக்ரோபர்ஸ்டில் ரேடாருக்குத் திரும்பும் அலை மிகவும் குறைவு. ஆகவேதான் இன்றைய விமானங்களில் எதிர்வினைக் கருவியும் உடன் நிற்கிறது.