ஆயிரம் பிறை கண்டவருக்கு ஒரு சதாபிஷேகம்: நாள், கதிரை, கும்பநீர்

எத்தாளையில் என் அப்பப்பாவுக்குச் சதாபிஷேகம் செய்ய முடிவெடுத்தபோது, முதலில் வந்த கேள்வி அவர் எப்போது பிறந்தார் என்பதுதான். பிறப்புச் சான்றிதழும் சாதகக் குறிப்பும் 1990 இடப்பெயர்வில் போய்விட்டன. கையில் மிஞ்சியது பழைய தேசிய அடையாள அட்டை மட்டுமே.

அந்த அட்டையின் இலக்கத்திலேயே பிறந்த நாள் இருக்கிறது. முதல் இரண்டு எண்கள் ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தக் கணக்கில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள். அப்பப்பாவின் அட்டை 45130 என்று தொடங்குகிறது. அதாவது 1945 மே 9. சாதாரண நாட்காட்டியில் 130ஆவது நாளை எண்ணியிருந்தால் மே 10 என்று ஒரு நாள் பிந்தியிருக்கும், நட்சத்திரமும் மாறியிருக்கும். இந்தத் திகதியைக் கொடுத்ததும் ஐயர் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நட்சத்திரத்தைச் சொன்னார். அட்டை எடுக்கும்போதே திகதியைக் குத்துமதிப்பாகக் கொடுத்தவர்களுக்கு இந்த வழி உதவாது.

சடங்கு 80 நிறைந்த அன்றே நடப்பதில்லை. ஆயிரம் பூரணைக்கு ஏறக்குறைய 29,530 நாள் வேண்டும், அது 80 ஆண்டும் பத்து மாதமும். மரபுக் கணக்கு 80 ஆண்டு எட்டு மாதம் என்கிறது. ஐந்து ஆண்டுக்கு இரண்டு பூரணை கூடுதலாக வரும் என்று கொள்வதால் இந்த வித்தியாசம். இரண்டுக்கும் பொருந்த, உத்தராயணத்தில், வளர்பிறையில் ஒரு நாளை ஐயர் குறித்தார்.

அப்பம்மா உயிரோடு இல்லை. துணையை இழந்தவருக்கு இதைச் செய்யலாமா என்று உறவினர் சிலர் தயங்கினார்கள். தாலி கட்டும் பகுதியை விட்டு, கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், ஆயுஷ்ய ஹோமம், அபிஷேகம் ஆகியவற்றைச் செய்வதில் தடையில்லை என்றார் ஐயர். குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். ஆகவே ஐயரைப் பேசும் முதல் நாளே இதைக் கேட்டுவிட வேண்டும், பந்தலில் வைத்துக் கேட்கக்கூடாது. சிலாபம் பக்கத்திலிருந்து பாலாவி வழியாக வருபவருக்கு இரண்டு மணித்தியாலப் பயணம். அதனால் அவரை முதல் நாள் மாலையே வரவழைத்தோம். விடியற்காலையில் தொடங்கினால் பத்து மணி வெயிலுக்கு முன் எல்லாம் முடியும்.

இந்தக் கரையில் பங்குனி மாதக் காலை அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏற மேற்கே கடலிலிருந்து காற்று எழும். ஹோமகுண்டத்துக்குக் கிழக்கே ஆட்களை இருத்தினால் புகை முழுவதும் அவர்கள் முகத்தில்தான். எனவே முதியவர்களின் கதிரைகளை மேற்கில் போட்டோம். கைப்பிடி உள்ள கதிரைகளையே தேர்ந்தோம், கைப்பிடி இல்லாவிட்டால் எண்பது வயதுக்காரர் எழும்பப் பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்க வேண்டிவரும். கதிரைக்கும் மலசலகூடத்துக்கும் இடையில் மணலில் கால் புதையாதபடி பலகை போட்டோம். செல்லடியில் செவி பாதித்தவர்களை ஐயருக்கு அருகில் இருத்தினோம். வெடி கொளுத்தவில்லை, ஒலிபெருக்கியும் வைக்கவில்லை. திடீர்ச் சத்தத்துக்கு இன்றும் உடல் நடுங்குகிறவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள்.

மிகவும் யோசிக்க வைத்தது கும்பநீர். பதினாறு கும்பம், ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் என்றால் பதினாறு லீற்றர் குளிர்ந்த கிணற்றுநீர், அதுவும் வெறும் வயிற்றோடு நெடுநேரம் இருந்த ஒரு முதியவரின் தலையில். ஐயரோடு பேசி, பிரதான கும்பத்திலிருந்து மட்டும் கொஞ்சம் தலையில் ஊற்றுவது, மற்றவற்றை மாவிலையால் தெளித்து மீதியைப் பாதத்தில் ஊற்றுவது என்று தீர்மானித்தோம். கும்பங்களை நிரப்பும்போதே வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக்கினோம். ஈரச் சீமெந்தில் கதிரை வழுக்கும். அதற்காகக் கால்களுக்கு அடியில் சாக்கை விரித்தோம். முடிந்த கையோடு துடைத்து மாற்ற, உலர்ந்த வேட்டியும் துவாயும் பக்கத்திலேயே இருந்தன.

உபவாசம் இன்னொரு பொறி. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர் சாப்பிடாமல் அதைப் போட்டால் சீனி சட்டென்று இறங்கும். திடீர் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் ஆகியவையே அடையாளம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும், மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலைக் குளிசைகளை எப்படி மாற்றுவது என்று ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் கேட்டோம். பாலும் பழமும் எடுக்கலாம் என்று ஐயரும் இசைந்தார். நெடுநேரம் இருந்தவரைச் சடுதியாக எழுப்பினால் பிரஷர் இறங்கித் தலைசுற்றும். அதனால் ஆசீர்வாதத்துக்கு அப்பப்பாவை எழுப்பவேயில்லை. பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அவர் இருந்த கதிரைக்கு வந்து காலில் விழுந்தார்கள்.