வாகனத்தை ஒப்படைத்தால் லீசிங் முடிந்துவிடுமா?

கிளிநொச்சியில் ஓட்டோ ஓடும் என் மச்சான் சென்ற வருடம் ஒருநாள் வந்து கேட்டார். "கட்டேலாமக் கிடக்கு. வண்டியைக் கொண்டுபோய்க் கொம்பனியிலை விட்டா மிச்சத் தவணை கட்டத் தேவையில்லைத்தானே?" போருக்குப் பின்னர் தொழில் தொடங்க லீசிங்கில் முச்சக்கரவண்டியோ லாண்ட்மாஸ்டரோ எடுத்த பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படி நினைத்துத்தான் ஒரு வாகனத்தை ஒப்படைத்தேன். ஐந்து மாதம் கழித்து, இன்னும் பணம் தரவேண்டும் என்று எனக்கும் பிணை நின்ற இருவருக்கும் கடிதம் வந்தது.

நிதிக் குத்தகையில், தவணை முடியும்வரை வாகனம் நிறுவனத்தின் சொத்து. பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்று நிறுவனத்தின் பெயரே இருக்கும். ஆனால் கடன் எங்களுடையது. வாகனத்தைத் திருப்பிக் கொடுப்பதும் கடனைத் தீர்ப்பதும் இரண்டு வேறு விடயங்கள்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, முன்கூட்டியே முடிப்பதற்கான தொகையை எழுத்தில் கேட்பது. மச்சானின் கணக்கு இது: பெற்ற தொகை 600,000 ரூபா, குறைந்துசெல்லும் மீதிக்கு மாதம் 2 வீத வட்டி, 48 தவணை, மாதம் 19,560 ரூபா. 24 தவணைகள் கட்டி முடித்திருந்தார். பாதிக் காலம் போனதால் பாதிக் கடனும் போயிருக்கும் என்று நம்பினார். ஆனால் ஆரம்பத் தவணைகளில் வட்டியே அதிகம். மீதி முதல் ஏறத்தாழ 370,000 ரூபா இருந்தது.

மிச்சமிருந்த 24 தவணைகளைக் கூட்டினால் 469,440 ரூபா வரும். இதில் ஏறத்தாழ 99,400 ரூபா இன்னும் பிறக்காத வட்டி. இன்றே முடிப்பவரிடம் அதை முழுமையாகக் கேட்கிறார்களா, கழிக்கிறார்களா என்பதைத்தான் கடிதத்தில் முதலில் பார்க்கவேண்டும். மச்சானுக்குக் கழித்திருந்தார்கள். உடன்படிக்கையின்படி மீதி முதலில் 5 வீதம், அதாவது 18,500 ரூபா முன்முடிப்புக் கட்டணம். மொத்தம் 388,500 ரூபா. இந்த வீதம் உடன்படிக்கைக்கு உடன்படிக்கை மாறும். கடிதத்தில் எந்தத் திகதிவரை அத்தொகை செல்லும் என்றும் இருக்கவேண்டும்.

இனி இரண்டு வழி. வாகனத்தை ஒப்படைத்தால் நிறுவனம் அதை விற்கும். 320,000 ரூபாவுக்கு விலைபோய், தரிப்பிட, விற்பனைச் செலவு 12,000 ரூபா என்று வைத்தால், 80,500 ரூபா இன்னும் கடனாக நிற்கும். மச்சான் அதைச் செய்யவில்லை. நிறுவனத்தின் சம்மதத்தோடு பரந்தனில் தானே ஒருவரைத் தேடினார். அவர் 430,000 ரூபாவுக்கு வாங்கினார். 388,500 ரூபாவை நேரே நிறுவனத்தின் கணக்கில் செலுத்தி, மிச்சம் 41,500 ரூபாவை மச்சானிடம் கொடுத்தார். நிலுவை விழுந்து வண்டியைத் தூக்க முன்னர் போனதால்தான் இது முடிந்தது.

ஒப்படைப்பதைத் தவிர வேறு வழி இல்லாவிட்டால், பரிசோதனை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நான் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு பற்றரியும் மேலதிகச் சில்லும் இல்லை என்று என் கணக்கில் சேர்த்தார்கள். இருந்தன என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எஞ்சின், சசி இலக்கங்கள், ஓடிய கிலோமீற்றர், டயர்களின் நிலை, பற்றரி, கருவிகள், சாவிகள், ஏற்கனவே உள்ள கீறல்கள் எல்லாம் பட்டியலில் எழுதப்படவேண்டும். ஒப்படைத்த திகதியும் நேரமும் முக்கியம். அதன் பின்னர் நடக்கும் விபத்துக்கோ தண்டத்துக்கோ நீங்கள் பொறுப்பில்லை என்று காட்ட அதுதான் சான்று. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இருபக்கமும் ஒப்பமிட்ட பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நாலாபக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, விடுவிப்பு. "வாகனம் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற கடிதம் உங்களை விடுவிக்காது. உடன்படிக்கை இலக்கத்தைக் குறிப்பிட்டு, மீதி எதுவும் இல்லை, எதிர்காலத் தவணைகள் கோரப்படமாட்டா, பிணையாளிகளும் விடுவிக்கப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கவேண்டும். கொடுத்துவைத்த காசோலைகளையும் திருப்பி வாங்குங்கள். விற்றபின் மீதி நின்றால், விற்ற விலையையும் கழித்த செலவுகளையும் காட்டும் கூற்றைக் கேளுங்கள். அந்த மீதியைத் தவணையாகக் கட்ட உடன்பட்டால் அதையும் எழுத்தில் பெறுங்கள்.

சில மாதங்கள் கழித்து கடன் தகவல் பணியகத்தின் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கணக்கு முடிக்கப்பட்டதாக அதில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விடுவிப்புக் கடிதத்துடன் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். அங்கு தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். அதன் தொலைபேசி 1935. மச்சானின் பிணையாளி அவருடைய தாயார். கடிதத்தில் தன் பெயரும் இருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் அவர் அதைப் பெட்டிக்குள் வைத்தார்.